ஸ்பின்னர் மாற்றுவதும் மாற்றாமல் விடுவதும்

2021-இல் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள், அறிவியல் இதழ்களில் வெளியான ஆங்கிலக் கட்டுரைகளில் தாங்கள் கண்ட ஒரு வினோதத்தைப் பற்றி எழுதினார்கள். 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்' என்று இருந்தது. தமிழில் 'போலி உணர்வுநிலை' என்று சொல்வதுபோல. 'பிக் டேட்டா' என்பது 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆகியிருந்தது. அந்தத் துறையில் வேலை செய்யும் எவரும் இப்படி எழுத மாட்டார்கள். இவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'டார்ச்சர்ட் ஃப்ரேசஸ்', சித்திரவதை செய்யப்பட்ட சொற்றொடர்கள். பிறகு மருத்துவக் கட்டுரைகளிலும் இதே மாதிரி கிடைத்தது. 'கிட்னி ஃபெயிலியர்' என்பது 'கிட்னி டிஸ்அப்பாயின்ட்மென்ட்' ஆகி, சிறுநீரகம் செயலிழப்பதற்குப் பதில் ஏமாற்றம் அடைந்திருந்தது.

அடுத்தவர் எழுத்தை எடுத்து, ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் சிக்காமலிருக்க, சொற்களை மாற்றித் தரும் நிரலில் போட்டு எடுத்ததன் விளைவாகவே இவை இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. இந்த நிரல்களைத்தான் ஸ்பின்னர் என்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மறைப்பதற்காகச் செய்த மாற்றமே காட்டிக்கொடுத்துவிட்டது. மூலத்தை அப்படியே ஒட்டியிருந்தால் ஒப்பீட்டு மென்பொருள் மட்டும்தான் பிடித்திருக்கும். மாற்றியதால் ஒரு சாதாரணத் தேடல் போதுமானதாகிவிட்டது. 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' என்று தேடினால் வந்து நிற்பதெல்லாம் பெரும்பாலும் நிரலில் சுற்றி எடுத்த கட்டுரைகள்தான். கபனாக்கும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட தொடர்களைப் பட்டியலிட்டு, வெளியான கட்டுரைகளில் தொடர்ந்து தேடும் கருவி ஒன்றையே நடத்துகிறார்கள்.

இது ஏதோ மட்டமான நிரல் செய்த கோளாறு, நல்ல நிரல் வந்தால் சரியாகிவிடும் என்று தோன்றலாம். ஓரளவு சரியாகியும் இருக்கிறது. ஆனால் அடியில் இருக்கும் காரணம் போகவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னப் பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

"உயர் ரத்த அழுத்தம் நீண்ட நாள் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்படும் வாய்ப்பு அதிகம். ஆரம்பக் கட்டத்தில் பெரும்பாலும் அறிகுறிகள் தெரிவதில்லை. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் கலந்திருக்கிறதா என்பதையும் பரிசோதிப்பது நல்லது."

எளிய ஸ்பின்னர் செய்வது இதுதான்: ஒரு சொற்பட்டியலை வைத்துக்கொண்டு, பத்தியில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சொல்லை எடுத்துப் போடும். அதே முறையில் நான் கையாலேயே மாற்றியது கீழே.

"உயர்ந்த குருதி நெருக்கடி நெடுங்காலம் அடக்குமுறையில் இல்லாதோருக்குச் சிறுநீரகக் காரிய நஷ்டம் நிகழும் சந்தர்ப்பம் மிகுதி. தொடக்கப் படியில் அடையாளங்கள் புலப்படுவதில்லை. எனவே வருடத்துக்கு ஒரு தடவை குருதியில் கிரியாட்டினின் பரிமாணத்தையும், சிறுநீரில் புரதம் கலப்படமாகியுள்ளதா என்பதையும் தேர்வு செய்வது சிறப்பு."

முதலில் கண்ணில் படுவது 'காரிய நஷ்டம்'. செயலுக்குக் காரியம், இழப்புக்கு நஷ்டம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அகராதியில் இருக்கும் பொருள்தான். ஆனால் 'சிறுநீரகச் செயலிழப்பு' என்பது ஒரு நோய் நிலையின் பெயர். ஒருவருடைய பெயரில் பாதியை எடுத்துவிட்டு அதே பொருளுள்ள வேறு சொல்லை வைத்தால் அது அவர் பெயராக இருக்காது. கலைச்சொற்கள் எல்லாமே இப்படித்தான். பொருள் மொத்தத் தொடருக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. நிரல் அதை உடைத்து உடைத்துப் படிக்கிறது. 'ரத்த அழுத்தம்' 'குருதி நெருக்கடி' ஆனதும் இதனால்தான். அழுத்தம், நெருக்கடி இரண்டும் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். குழாய்க்குள் ஓடும் திரவத்தைப் பற்றிப் பேசும்போது இல்லை.

'பரிசோதிப்பது' எப்படித் 'தேர்வு செய்வது' ஆனது என்று பாருங்கள். பரிசோதனைக்குப் பக்கத்தில் சோதனை. சோதனைக்குப் பக்கத்தில் தேர்வு, அதாவது பரீட்சை. அதை வினையாக்கினால் 'தேர்வு செய்வது'. அதற்குப் பொருள் தேர்ந்தெடுப்பது. ஒவ்வொரு அடியும் நியாயமானதுதான். மூன்று அடி வைத்ததும் வேறு ஊருக்கு வந்துவிட்டோம். ஒரே எழுத்தை இரண்டு மூன்று முறை சுற்றி எடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசமாக நடக்கும். ஏனென்றால் இரண்டாவது சுற்றுக்கு மூலம் தெரியாது, முதல் சுற்றின் பிழைதான் மூலம்.

இவை எல்லாம் சிரிப்பு மூட்டும் பிழைகள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். உண்மையில் என்னைக் கவலைப்படுத்துவது வேறு இரண்டு. மூலத்தில் 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் இருந்தது. மாற்றிய பத்தியில் அது இல்லை. 'ஒருமுறையாவது' என்பதில் கடைசியில் ஒட்டியிருந்த 'ஆவது' போய், 'ஒரு தடவை' ஆகிவிட்டது. முதலாவதில், ஆரம்பத்திலேயே அறிகுறி தெரியும் சிலர் காணாமல் போய்விட்டார்கள். இரண்டாவதில், 'குறைந்தது ஒருமுறை' என்ற அறிவுரை 'ஒருமுறை போதும்' என்று கேட்கும்படி ஆகிவிட்டது. தமிழில் இத்தகைய பொருள் நுணுக்கங்களை 'ஆவது', 'உம்', 'ஏ', 'தான்', 'மட்டும்' போன்ற சின்னச் சின்ன ஒட்டுகளும் துணைவினைகளும்தான் சுமக்கின்றன. 'வரும்', 'வரலாம்', 'வந்துவிடும்', 'வரக்கூடும்' ஆகியவற்றுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொற்பட்டியலால் அளக்க முடியாது. பட்டியலில் 'வா' என்று ஒரே ஒரு பதிவுதான் இருக்கும்.

சரி, இப்போது மாற்றிய பத்தியில் மாறாமல் இருப்பதைப் பார்ப்போம். மூலத்தில் மூன்று வாக்கியம், இதிலும் மூன்று. முதலில் ஆபத்து, அப்புறம் அறிகுறி இல்லாமை, அப்புறம் அறிவுரை. மூன்றாவது வாக்கியம் 'ஆகவே'யில் தொடங்கியது. இங்கே 'எனவே'யில் தொடங்குகிறது. கிரியாட்டினின், சிறுநீர், புரதம் மூன்றும் அதே வரிசையில், அதே இடங்களில் நிற்கின்றன, பட்டியலில் அவற்றுக்கு மாற்று இல்லாததால். இரண்டையும் அருகருகே வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்பது ஒரு நொடியில் தெரியும்.

ஆக, இந்த நிரல்களின் சிக்கல் இதுதான்: மாற்றக் கூடாததை மாற்றுகின்றன, மாற்ற வேண்டியதை விட்டுவிடுகின்றன. ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு தன் மொழியில் சொல்பவர் நேர் எதிராகச் செய்வார். 'சிறுநீரகச் செயலிழப்பு' என்ற பெயரைத் தொடவே மாட்டார். 'பெரும்பாலும்' என்பதை விட மாட்டார். ஆனால் பரிசோதனையை முதலில் சொல்லி, ஏன் என்பதைப் பின்னால் விளக்கலாம். மூன்று வாக்கியத்தை ஒன்றாக்கலாம். தனக்குத் தேவையில்லாத பகுதியை விட்டுவிடலாம்.

இனி ஹியூமனைசர்களுக்கு வருவோம். இவை சொற்பட்டியலை நம்புவதில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பின்னால், அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து எழுதும் லாங்குவேஜ் மாடல், அதாவது மொழி மாதிரி, ஒன்று இருக்கிறது. ஏஐ எழுதியதை மனிதர் எழுதியதுபோல் மாற்றித் தருவதாகச் சொல்லும் இவற்றின் குறி வேறு. டிடெக்டர் என்று அழைக்கப்படும் கண்டறியும் மென்பொருள் தரும் மதிப்பெண்ணைக் குறைப்பதுதான் வேலை. அந்த மதிப்பெண்ணுக்குப் பல டிடெக்டர்கள் பார்ப்பது பெர்ப்ளெக்சிட்டி என்ற அளவை. ஒரு வாக்கியத்தில் அடுத்தடுத்து வரும் சொற்கள் மொழி மாதிரிக்கு எவ்வளவு எதிர்பாராதவையாக இருக்கின்றன என்பதன் கணக்கு அது. மொழி மாதிரி எழுதுவது பொதுவாக எதிர்பார்த்த சொற்களிலேயே நடக்கும், அதனால் எண் குறைவு. மனிதர் எழுத்தில் அது கூடியும் குறைந்தும் இருக்கும். ஹியூமனைசர் என்ன செய்யும்? எண்ணைக் கூட்ட வேண்டும் என்பதால் முதல் தரமான சொல்லை விட்டு, மூன்றாவது நான்காவது தரத்தில் வரும் சொல்லை எடுக்கும். நீள வாக்கியத்தை உடைக்கும், குட்டி வாக்கியங்களைச் சேர்க்கும், நடுவில் பேச்சுவழக்கைத் தூவும். சில நிரல்கள் எழுத்துப் பிழைகளைக்கூடச் சேர்க்கும்.

இங்கே பொருள் உடைவது சொல்லைச் சொல்லாக மாற்றுவதால் இல்லை. நிரலின் கண் பொருளின் மேல் இல்லை என்பதால். ஒரு மருந்து ஆய்வைப் பற்றி, "எல்லா நோயாளிகளுக்கும் பலன் கிடைத்துவிடவில்லை" என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். பலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை என்று பொருள். 'விடு' என்ற துணைவினையைத் தேவையில்லாத சதையென்று எடுத்தால், "எல்லா நோயாளிகளுக்கும் பலன் கிடைக்கவில்லை" என்றாகும். இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அடுத்த சுற்றில் அதை இன்னும் இயல்பாக்கினால் "எந்த நோயாளிக்கும் பலன் கிடைக்கவில்லை" என்று வந்து நிற்கும். மூன்றுமே பிழையில்லாத தமிழ். மூன்றுமே சரளமானவை. மருந்து வேலை செய்ததா இல்லையா என்பது மட்டும் தலைகீழாகிவிட்டது. 'காரிய நஷ்டம்' வாசகரைத் திடுக்கிட வைத்து எச்சரித்துவிடும். இந்த வாக்கியம் எச்சரிக்கை எதுவும் தராது. அதனால் நல்ல நிரல் செய்யும் பிழை, மட்டமான நிரல் செய்வதைவிடக் கெடுதலானது என்றே நான் நினைக்கிறேன்.

'மாற்றிய பிறகு பொருள் அதேதானா என்று நிரல் சரிபார்க்காதா?' என்று கேட்கலாம். சில சரிபார்க்கின்றன. இரண்டு வாக்கியங்களையும் எண்களின் வரிசையாக மாற்றி, இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று கணக்கிடுவார்கள். இந்த எண் வரிசைகள், ஒரு சொல் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதிலிருந்து கற்றுக்கொள்ளப்படுபவை. 'கூடியது', 'குறைந்தது' என்ற இரண்டு சொற்களும் ஒரே மாதிரிச் சூழலில்தான் வரும்: ரத்த அழுத்தம் கூடியது, ரத்த அழுத்தம் குறைந்தது, விலை கூடியது, விலை குறைந்தது. ஆகவே எதிர்ச்சொற்கள் கணக்கில் நெருங்கிய உறவினர்களாகத் தெரியும். எதிர்மறையும் அப்படித்தான். பத்துச் சொல் வாக்கியத்தில் ஒரே ஒரு 'இல்லை' சேர்ந்தால், மற்ற ஒன்பதும் ஒத்துப்போவதால் நெருக்கம் அதிகமாகவே வரக்கூடும். 'பலன் கிடைத்துவிடவில்லை', 'பலன் கிடைக்கவில்லை' இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு இந்தத் தராசு நுணுக்கமானது இல்லை.

டிடெக்டரை ஏமாற்றுவதில் இவை தோற்கின்றன என்று நான் சொல்லவில்லை. அதில் நன்றாகவே ஜெயிக்கின்றன. 2023-இல் கல்பேஷ் கிருஷ்ணாவும் கூட்டாளிகளும் 1,100 கோடி அளவுருக்கள் கொண்ட டிப்பர் என்ற மறுசொல்லாக்க மாதிரியைத் தயாரித்துச் சோதித்தார்கள். மனிதர் எழுதியதை ஏஐ என்று தவறாகச் சொல்லும் விகிதத்தை 1 சதவீதத்தில் நிறுத்தி வைத்தபோது, டிடெக்ட்ஜிபிடி என்ற கருவியின் கண்டறியும் திறன் 70.3 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதத்துக்கு விழுந்தது. ஆனால் அதே கட்டுரையில் அவர்கள் ஒரு எதிர்வழியும் காட்டினார்கள். மாதிரியை நடத்தும் நிறுவனம், தான் இதுவரை எழுதித் தந்த அனைத்தையும் சேமித்து வைத்து, பொருளில் ஒத்த ஒன்று ஏற்கெனவே இருக்கிறதா என்று தேட வேண்டும். அப்படித் தேடியபோது, மாற்றி எழுதப்பட்டவற்றில் 80 முதல் 97 சதவீதம் வரை சிக்கின. ஏன் சிக்கின என்றால், மாற்றியவை மூலம் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தன. தேடலுக்குச் சொல் தேவைப்படவில்லை, உள்ளடக்கம் போதும். நிரலின் இக்கட்டு இங்கே நன்றாகத் தெரிகிறது. பொருளைக் காப்பாற்றினால் மூலத்தின் தடம் இருக்கும். தடத்தை அழிக்கும் அளவுக்கு மாற்றினால் பொருள் நிற்காது.

வாசகர் கண்ணுக்குத் தெரிவதும் இதனோடு சேர்ந்ததுதான். எதை வைத்துத் தெரிகிறது என்று கேட்டால், எனக்கு முதலில் படுவது பெயர்கள் நிலையாக இல்லாதது. முதல் பத்தியில் 'ரத்த அழுத்தம்', இரண்டாவதில் 'குருதி அழுத்தம்', நான்காவதில் 'பிபி', அப்புறம் 'ரத்த நாள இறுக்கம்'. விஷயம் தெரிந்தவர் ஒரு பெயரைப் பிடித்தால் விட மாட்டார், மாற்றினால் இது வேறு பொருளோ என்று வாசகர் குழம்புவார் என்று அவருக்குத் தெரியும். நிரலுக்கு அதே சொல் திரும்ப வருவது குறையாகத் தெரிகிறது, அதனால் மாற்றுகிறது.

அடுத்தது, ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் இல்லாதது. மனிதர் எழுத்தில் வாக்கியம் குட்டையாவதற்கு ஏதோ ஒன்று நடந்திருக்கும்: கோபம் வந்திருக்கும், முடிவு சொல்லியிருப்பார், அடுத்து வரும் நீண்ட விளக்கத்துக்கு முன் மூச்சு விட்டிருப்பார். ஹியூமனைசர் வாக்கிய நீளத்தைச் சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்குகிறது. "சிறுநீரில் புரதம் இருக்கும்." என்று தனியாக ஒரு குட்டி வாக்கியம், அழுத்தம் எதுவும் தேவைப்படாத இடத்தில் நிற்கும். நடையும் அப்படியே. 'புலப்படுவதில்லை' என்று எழுதிய கை, அடுத்த வரியில் 'அவ்ளோதான் மேட்டர்' என்று எழுதியிருக்கும், அதற்கடுத்த வரியில் மறுபடி 'யாதெனில்' வரும். கலந்து எழுதுவது தப்பில்லை. எந்த இடத்தில் ஏன் இறங்கிப் பேசுகிறார் என்பது மனிதர் எழுத்தில் உணரும்படி இருக்கும்.

இவ்வளவு குலுக்கிய பிறகும் கட்டுரையின் எலும்புக்கூடு அசையாமல் இருக்கும். பொதுவான முன்னுரை, ஒரே அளவில் நான்கைந்து பத்திகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூற்று, ஒரு விளக்கம், ஒரு பயன், கடைசியில் எல்லாவற்றையும் தொகுக்கும் முடிவுரை. நிரல்கள் பெரும்பாலும் வாக்கியம் வாக்கியமாக, பத்தி பத்தியாகத்தான் வேலை செய்கின்றன. எந்தப் பத்தி அவசியம், எது வேண்டாம், எங்கே நிறைய நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய, விஷயத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்க வேண்டும்.

இன்னும் மலிவான ஒரு வழியும் உண்டு: எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளைச் செருகுவது, அல்லது ஆங்கில a-க்குப் பதில் அச்சு அசலாக அதேபோல் இருக்கும் ரஷ்ய எழுத்தை வைப்பது. திரையில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பக்கத்தில் தெளிவாகத் தெரியும் ஒரு சொல்லைத் தேடினால் 'இல்லை' என்று வரும். அங்கேயே சந்தேகம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளைக் கண்டுபிடிக்கப் பைதானில் சில வரிகள் போதும் (`text` என்பதில் கட்டுரையை வைத்துக்கொள்ள வேண்டும்):

```python
import unicodedata
for i, c in enumerate(text):
    if unicodedata.category(c) == "Cf":
        print(i, hex(ord(c)))
```

இதில் அகலமே இல்லாத இடைவெளிக்கான `0x200b` என்ற குறியீடு சொற்களின் நடுவே ஆங்காங்கே வந்தால் யாரோ செருகியிருக்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. ஆனால் தமிழில் ஒரு எச்சரிக்கை: `0x200c` என்ற குறியீடு, 'க்'கும் 'ஷ'வும் 'க்ஷ' என்று இணைந்துவிடாமல் தனித்தனியாக நிற்க முறையாகவே பயன்படுவது. சில தட்டச்சுக் கருவிகளும் வலைப்பக்கங்களும் இத்தகைய குறியீடுகளைத் தாமாகவே சேர்த்துவிடும். அதனால் அது ஒன்றை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மற்ற அடையாளங்களுக்கும் இதுவே பொருந்தும். அகராதியைப் பார்த்து ஒரு மொழியைக் கற்றுக்கொண்டவரும் 'குருதி நெருக்கடி' மாதிரி எழுதக்கூடும். 2023-இல் வெய்சின் லியாங்கும் கூட்டாளிகளும் செய்த ஆய்வில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை டிடெக்டர்கள் ஏஐ எழுதியவை என்று தவறாகச் சொல்லின. ஒரு வித்தியாசம் மட்டும் உதவும். கற்றுக்கொள்பவரின் பிழை நிலையானது. 'நெருக்கடி' என்றுதான் அழுத்தத்துக்குச் சொல் என்று நினைத்துவிட்டால் கட்டுரை முழுக்க 'நெருக்கடி'தான் வரும். எதிரே உட்கார வைத்து 'நெருக்கடி என்றால் எதைச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டால் ரத்தக் குழாயைப் பற்றிச் சொல்லிவிடுவார். சுற்றி எடுத்த கட்டுரையில் அந்தப் பிழை ஓரிடத்தில் இருக்கும், அடுத்த இடத்தில் வேறு பிழை இருக்கும், மூன்றாவது இடத்தில் சரியான சொல்லே இருக்கும்.

இப்படி ஒரு கட்டுரை கையில் வந்து, அதைத் திருத்தித் தரச் சொன்னால் பலர் 'காரிய நஷ்ட'த்தைச் 'செயலிழப்பு' ஆக்கி, நடையைச் சீராக்கிக் கொடுத்துவிடுவார்கள். அந்தத் திருத்தம் ஆபத்தானது. விசித்திரமான சொற்கள் போனதும் பத்தி நம்பும்படி ஆகிவிடும், ஆனால் போன 'பெரும்பாலும்' திரும்பி வராது, 'ஆவது' திரும்பி வராது. அவை இருந்தன என்பதற்குச் சுற்றி எடுத்த பத்தியில் அடையாளமே கிடையாது. திருத்துபவர் செய்யக்கூடியது, கலைச்சொற்களைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவந்து, அவற்றை வைத்து மூலத்தைத் தேடிப் பிடிப்பதுதான். எலும்புக்கூடு மாறாமல் இருப்பதால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைத்த பிறகு அந்தப் பத்தியைத் திருத்துவதைவிட, மூலத்தைப் படித்துவிட்டு மூடி வைத்து, புதிதாக எழுதுவது விரைவாக முடியும்.